தொட்டி லெவல் ஸ்கிரீன்ஷாட்டில் ஒளிந்திருக்கும் தண்ணீர்க் கணக்கு

உங்க வீட்டு மாடித் தொட்டியின் மூடியில ஒரு அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கு, அது போன் ஆப்பில் லெவலைச் சதவீதமாகக் காட்டுது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் இந்த செட்டப் மினி ப்ராஜெக்ட் லெவலுக்கே வந்துவிட்டது. ஆப் ரெண்டு விஷயம்தான் சொல்லும்: தொட்டி நிரம்பிடுச்சு, தொட்டி காலியாகப் போகுது. ஆனால் அந்த ஆப்பில் வரும் 24 மணி நேர வரைபடத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், அதிலிருந்து வீடு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் செலவழிக்கிறது, அதில் எவ்வளவு யாருக்கும் பயன்படாமல் கசிந்து போகிறது என்று ஓரளவு நம்பகமாகக் கணக்குப் போடலாம். ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கு, பின்னாடி வரும்.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விருத்தாசலத்துக்குக் கிழக்கே கம்மாபுரம். அங்கே ஒரே காம்பவுண்டில் மூன்று போர்ஷன், மொத்தம் 12 பேர், ஒரே போர், ஒரே மோட்டார், மாடியில் 2000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. வீடும் எண்களும் பாடத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் இப்படிப்பட்ட வீட்டில் வரும் சண்டை எல்லாருக்கும் தெரிந்ததுதான். காலையில் ஏழு மணிக்குக் குளிக்கப் போனால் தொட்டியில் தண்ணீர் இல்லை. "கீழ் போர்ஷன்ல வாஷிங் மெஷின் வாங்கினாங்க, அதான்" என்று மேல் போர்ஷன் சொல்லும். "உங்க வீட்லதான் ஆள் அதிகம்" என்று கீழ் போர்ஷன் சொல்லும். யார் சொல்வது சரி என்று பார்க்க மீட்டர் கிடையாது. இருப்பது அந்த ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான்.

ஒரு சதவீதம் என்பது எத்தனை லிட்டர்?

பெரும்பாலானோர் முதல் அடியிலேயே சறுக்குவது இங்கேதான். 2000 லிட்டர் தொட்டி, 100 சதவீதம், அப்போ ஒரு சதவீதம் 20 லிட்டர் என்று எடுத்துவிடுகிறார்கள். ஆப்பில் 0% என்பது தொட்டியின் அடித்தளம் இல்லை, 100% என்பது மூடியும் இல்லை. சென்சாரை செட் பண்ணும்போது யாரோ ஒருவர் இரண்டு தூரங்களைக் கொடுத்திருப்பார். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள உயரத்தைத்தான் ஆப் நூறாகப் பிரிக்கிறது. வாட்டர்ப்ரூஃப் அல்ட்ராசோனிக் சென்சாருக்கு முன்னால் சுமார் 20 முதல் 25 செ.மீ. வரை பார்க்க முடியாத இடம் ஒன்று இருக்கும். அதனால் 100% லெவலைச் சென்சாருக்குக் கொஞ்சம் தள்ளிக் கீழேதான் வைத்திருப்பார்கள்.

நம்ம வீட்டில் 100% என்பது அடியிலிருந்து 140 செ.மீ., 0% என்பது அவுட்லெட் பைப் இருக்கும் 10 செ.மீ. உயரம். நடுவில் 130 செ.மீ. ஆக 1% என்றால் 1.3 செ.மீ. இனி பரப்பு வேண்டும். டேப் எடுத்துத் தொட்டியைச் சுற்றி அளந்தால் 408 செ.மீ. வருகிறது. அதை 3.1416 ஆல் வகுத்தால் விட்டம் 130 செ.மீ., ஆரம் 0.65 மீட்டர், பரப்பு 1.327 சதுர மீட்டர். ஒரு செ.மீ. தண்ணீர் 13.27 லிட்டர். ஒரு சதவீதம் 17.25 லிட்டர்.

20க்கும் 17.25க்கும் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் 20 என்று போட்டால் எல்லா விடையும் 16 சதவீதம் கூடுதலாக வரும். பிளாஸ்டிக் தொட்டியின் வெளிப்பக்கம் வளையம் வளையமாகப் புடைத்திருக்கும். டேப்பை புடைப்பின் மேல் வைக்காமல் பள்ளத்தில் வைத்து அளந்தால்தான் உள் விட்டத்துக்குப் பக்கத்தில் வரும். தொட்டியின் தோள் பகுதி, அதாவது மூடிக்குக் கீழே குறுகும் இடத்துக்கு இந்த 17.25 பொருந்தாது. நம்ம 100% அந்தத் தோளுக்குக் கீழேயே இருப்பதால் பிரச்சனை இல்லை.

படத்திலிருந்து எண்

ஆப்பில் டேட்டா டவுன்லோட் பண்ண வழி இருந்தால் அதையே எடுங்க, ஸ்கிரீன்ஷாட்டோட மல்லுக்கட்ட வேண்டாம். பல ஆப்பில் அது கிடையாது. அப்போ படத்தை பெயிண்ட் மாதிரி ஏதாவது ஒரு சாஃப்ட்வேரில் திறந்து, கர்சரைக் கோட்டின் மேல் வைத்தால் பிக்சல் எண் கீழே தெரியும்.

நம்ம படத்தில் 100% கோடு 300வது பிக்சலில், 0% கோடு 900வது பிக்சலில் இருக்கிறது. படத்தில் பிக்சல் மேலிருந்து கீழே எண்ணப்படும். அதனால் லெவல் ஏறும்போது பிக்சல் எண் குறையும். இதை மறந்தால் தொட்டி காலியாகும்போது நிரம்புவது போல வரும்.

```
level = (y0 - y) / (y0 - y100) * 100
y0 = 900, y100 = 300
litre = level * 17.25
```

600 பிக்சலுக்கு 100% என்றால் ஒரு பிக்சலுக்கு 0.17%, அதாவது சுமார் 3 லிட்டர். குறுக்கே 960 பிக்சலில் 24 மணி நேரம் அடங்கியிருக்கு, ஒரு பிக்சலுக்கு ஒன்றரை நிமிடம். இந்த ரெண்டு எண்ணையும் ஓரமாக எழுதி வையுங்கள். இதைவிடச் சின்ன விஷயம் எதையும் இந்தப் படத்தில் இருந்து சொல்ல முடியாது. ஒருவர் இரவில் டாய்லெட் ஃப்ளஷ் செய்தால் 6 முதல் 10 லிட்டர் போகும். அது 2 அல்லது 3 பிக்சல்தான். சென்சாரின் தள்ளாட்டமே ஒரு செ.மீ. வரை இருக்கலாம், அது 13 லிட்டர். ஆக ஒரு தனி ஃப்ளஷை இந்தப் படத்தில் தேடாதீங்க.

பிக்சல் எடுத்து மாற்றியபின் நம்ம வீட்டின் ஒரு நாள் இப்படி வருகிறது. நள்ளிரவு 12க்கு 64%. விடிகாலை 4 மணிக்கு 60%. காலை 6:30க்கு 41%. அப்போது மோட்டார் போடுகிறார்கள், 7 மணிக்கு 89%. மதியம் 2 மணிக்கு 55% வரை இறங்குகிறது. மறுபடி மோட்டார், 2:20க்கு 93%. அதன்பின் இறங்கி இறங்கி நள்ளிரவில் மறுபடி 64%.

மோட்டார் ஓடும்போது மறையும் செலவு

இறங்கியதை எல்லாம் கூட்டினால் நாள் செலவு வந்துவிடும் என்று தோன்றும். இரவு 4, விடிகாலை 19, பகல் 34, மாலையும் இரவும் 29. மொத்தம் 86%. ஆனால் மோட்டார் ஓடின 50 நிமிடமும் வீட்டில் யாரோ தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், அதுவும் காலை 6:30 முதல் 7 வரை! அந்தச் செலவு ஏறும் கோட்டுக்குள்ளே மறைந்திருக்கு.

அதை வெளியே எடுக்க, யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் மோட்டார் எவ்வளவு வேகமாக நிரப்புகிறது என்று பார்க்க வேண்டும். மதியம் 2 மணிக்கு வீடு அடங்கிக் கிடக்கும். 20 நிமிடத்தில் 38% ஏறியிருக்கிறது, நிமிடத்துக்கு 1.9%, லிட்டரில் 32.8. காலையில் 30 நிமிடத்தில் 48% மட்டுமே ஏறியது. மோட்டார் அதே வேகத்தில் ஓடியிருந்தால் 57% ஏறியிருக்க வேண்டும். குறையும் 9%தான் அந்த அரை மணியில் வீட்டுக்காரர்கள் எடுத்தது, சுமார் 155 லிட்டர்.

86உடன் 9 சேர்த்தால் 95%. இதையே வேறு வழியிலும் சரிபார்க்கலாம். நாளின் தொடக்கமும் முடிவும் 64% என்பதால், உள்ளே வந்ததெல்லாம் வெளியே போயிருக்க வேண்டும். மோட்டார் ஓடியது 50 நிமிடம், 1.9ஆல் பெருக்கினால் 95%. லிட்டரில் சுமார் 1640. 12 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 137 லிட்டர்.

இந்த 9% எவ்வளவு உறுதி? ரொம்ப உறுதி இல்லை. மோட்டார் 20 நிமிடம் ஓடியதாகப் படத்தில் அளந்தோம், தொடங்கும் இடத்தில் ஒரு பிக்சல், முடியும் இடத்தில் ஒரு பிக்சல் தப்பினாலே 3 நிமிடம் வரை மாறலாம். நிமிடத்துக்கு 1.9% என்பது 1.8 ஆக இருந்தால் மறைந்த செலவு 6% ஆகிவிடும், 2.0 என்றால் 12%. இரண்டு பெரிய எண்களின் வித்தியாசத்தை எடுக்கும்போது வரும் வழக்கமான தலைவலி. இதற்கு ஒரு எளிய மருந்து உண்டு. மோட்டார் பைப் தொட்டிக்குள் விழும் இடத்தில் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடித்து ஸ்டாப் வாட்ச் வையுங்கள். 36, 37 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 32.8 லிட்டர் சரி. பரப்பளவுக் கணக்கும் அதோடு சேர்ந்து சோதிக்கப்பட்டுவிடும்.

ஆனால் ஒருமுறை எடுத்த வேகத்தை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளக் கூடாது. போரில் நீர்மட்டம் இறங்கினால் மோட்டார் அதே மின்சாரத்தில் குறைவான தண்ணீர்தான் தூக்கும். கம்மாபுரத்துக்கு நெய்வேலி பக்கம் என்பதால் இது அங்கே வெறும் கோடைக்காலச் சமாச்சாரம் மட்டும் இல்லை. அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரைத் தொடர்ந்து பம்ப் செய்து இறக்கினால்தான் சுரங்கம் தோண்ட முடியும். சுற்றுவட்டார போர்கள் ஆழமானால் அந்த மண்ணடுக்குகளில் நடப்பது எல்லாம் கவனிக்க வேண்டியது. மாதம் ஒருமுறை பக்கெட் வைத்துப் பாருங்க.

இரவு சொல்வது

இப்போது முக்கியமான இடம். நள்ளிரவில் இருந்து 4 மணி வரை லெவல் 64ல் இருந்து 60க்கு நேர்கோடாக இறங்கியிருக்கிறது. மணிக்கு 1%. எல்லாரும் தூங்குகிறார்கள், தண்ணீர் மட்டும் தூங்கவில்லை. குடிநீர் வாரியங்கள் ஊர் அளவில் கசிவைக் கண்டுபிடிக்க இதே யோசனையைத்தான் பயன்படுத்துகின்றன, குறைந்தபட்ச இரவு ஓட்டம் என்று பெயர். ஊரே அடங்கும் 2 முதல் 4 மணிக்கு நடுவில் குழாயில் ஓடும் தண்ணீரை அளந்தால், அதில் பெரும்பகுதி கசிவு என்பது அதன் அடிப்படை.

ஆனால் 12 பேர் உள்ள வீட்டில் ஒரு ராத்திரி மட்டும் பார்த்து முடிவு பண்ணினால் தப்பு. 4% என்றால் 69 லிட்டர். நாலு பேர் எழுந்து போய் ஃப்ளஷ் செய்தால் 30, 40 லிட்டர் அதிலேயே போய்விடும். ஃப்ளஷ் தனியாகத் தெரியாது என்று முன்னமே பார்த்தோம், ஆக அவை சேர்ந்து நேர்கோடு மாதிரியே தெரியும். இதைப் பிரிக்க ஏழு ராத்திரி ஸ்கிரீன்ஷாட் வேண்டும். ஒவ்வொரு இரவும் 1 மணி முதல் 4 மணி வரை எவ்வளவு இறங்கியது என்று மட்டும் எழுதுங்கள். நம்ம வீட்டில் வந்தது: 3.0, 3.4, 2.9, 4.1, 2.9, 3.2, 3.0.

இதில் சராசரியை எடுக்காதீர்கள். ஆட்கள் எழுந்து போவது ஒரு இரவு அதிகம், ஒரு இரவு குறைவு என்று மாறும். கசிவு மாறாது. ஆகவே மிகக் குறைந்த எண்தான் கசிவுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது, அதுவும் மேல் எல்லையாக. இங்கே குறைந்தது 2.9, அதுவும் இரண்டு முறை, பக்கத்திலேயே 3.0 இரண்டு முறை. தரை தட்டினாற்போல ஒரே இடத்தில் நிற்கிறது. மனிதர்களின் பழக்கம் மட்டுமே காரணம் என்றால் ஏதாவது ஒரு இரவு 0.5, 1 என்று இறங்கியிருக்கும். 4.1 வந்த இரவில் யாருக்கோ வயிறு சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கும் கசிவுக்கும் சம்பந்தமில்லை.

சென்சார் போடும் பொய்

2.9ஐ அப்படியே கசிவாக எடுக்கவும் முடியாது. அல்ட்ராசோனிக் சென்சார் தூரத்தை அளப்பதில்லை, ஒலி போய்த் திரும்பும் நேரத்தைத்தான் அளக்கிறது. காற்றில் ஒலியின் வேகம் சூட்டைப் பொறுத்தது: 0 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூடும். மலிவான சென்சார் மாட்யூல்களில் சூடு பார்த்துத் திருத்தும் வசதி இருக்காது, நிலையான ஒரு வேகத்தையே வைத்துக் கணக்குப் போடும்.

இரவில் காற்று குளிரக் குளிர ஒலி மெதுவாகிறது. போய்த் திரும்ப நேரம் கூடுகிறது. சென்சார் அதைத் தூரம் கூடிவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. தூரம் கூடினால் லெவல் இறங்கியதாக ஆப்பில் வரும். தொட்டியில் ஒரு சொட்டு குறையாமலே கோடு கீழே போகும்!

எவ்வளவு போகும் என்று பார்ப்போம். 100% கோட்டில் இருந்து சென்சார் 30 செ.மீ. மேலே இருக்கிறது. லெவல் 62% பக்கம் இருக்கும்போது தண்ணீர் சென்சாருக்கு 79 செ.மீ. கீழே. 1 மணி முதல் 4 மணிக்குள் தொட்டிக்குள் இருக்கும் காற்று 3 டிகிரி குளிர்ந்தால், ஒலி வேகம் சுமார் 0.5 சதவீதம் குறையும். 79 செ.மீ.யில் 0.5 சதவீதம் என்றால் 0.4 செ.மீ., ஆப்பின் கணக்கில் 0.3%. அதைக் கழித்தால் 2.9 என்பது 2.6 ஆகிறது. மணிக்கு 0.87%, சுமார் 15 லிட்டர். நாளைக்கு 360 லிட்டர்.

தொட்டி காலியாக இருக்கும்போது இந்தப் பொய் இன்னும் பெரிசாகும், ஏன்னா தூரம் அதிகம். லெவல் 10% இருக்கும்போது அதே 3 டிகிரிக்கு 0.6% வரை இறங்கினதாகக் காட்டும். பகலில் இதற்கு நேர்மாறு. வெயிலில் மாடித் தொட்டிக்குள் காற்று கொதித்து, தண்ணீர் ஏறின மாதிரித் தெரியும். மோட்டார் ஓடாமலே மதியம் லெவல் அரை சதவீதம் ஏறுதுன்னு யாராவது உங்ககிட்ட சொன்னா, பேய் பிசாசு என்று யோசிக்காதீங்க. நாள் கணக்கை நள்ளிரவில் இருந்து நள்ளிரவு வரை எடுத்ததற்கும் இதுதான் காரணம், இரண்டு முனையிலும் சூடு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் இந்தத் தவறு பெரும்பாலும் கழிந்துவிடும்.

ஆக மொத்தம் 1640 லிட்டரில் 360 கசிவு, நூற்றுக்கு 22. மிச்சம் 1280 லிட்டரை 12 பேர் பயன்படுத்துகிறார்கள், ஆளுக்கு 107. இந்தியாவில் பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுகிறார்கள். கிராம வீடுகளுக்கு 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வைத்த அளவு 55 லிட்டர். சொந்த போர் வைத்து வாஷிங் மெஷினும் ஓடும் வீட்டுக்கு 107 ஒன்றும் ஊதாரித்தனம் இல்லை. சண்டைக்கு வருவோம். கீழ் போர்ஷன் வாஷிங் மெஷினும் காரணமில்லை, மேல் போர்ஷன் ஆள் எண்ணிக்கையும் காரணமில்லை. நள்ளிரவில் இருந்து காலை 6:30க்குள் கசிவு மட்டும் கிட்டத்தட்ட 100 லிட்டரைக் கொண்டுபோகிறது. அது ஐந்து பக்கெட் குளியல்.

பணக் கணக்கையும் நேர்மையாகப் போட்டுவிடுவோம். மாதத்துக்கு 10,800 லிட்டர் கசிவு. நிமிடத்துக்கு 32.8 லிட்டர் தூக்கும் மோட்டார் அதற்காக ஐந்தரை மணி நேரம் கூடுதலாக ஓட வேண்டும். ஒரு எச்பி மோட்டார் தோராயமாக மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் என்றால் மாதம் ஐந்தாறு யூனிட். கரண்ட் பில்லில் இது பெரிய தொகை இல்லை. கசிவைச் சரிசெய்தால் பில் பாதியாகும் என்று யாரிடமும் சொல்லாதீங்க. இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது: கரண்ட் போன இரவுகளில் தொட்டி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதிலும், எங்கோ ஒரு சுவர் ஓரமாக நாள் பூரா ஊறும் 360 லிட்டரிலும்.

எங்கே கசியுது?

மணிக்கு 15 லிட்டர் என்றால் ஒரு லிட்டர் மக் நான்கு நிமிடத்தில் நிரம்பும். சொட்டுச் சொட்டாக விழும் ஒரு குழாய் வினாடிக்கு ஒரு சொட்டு விட்டாலும் மணிக்கு ஒரு லிட்டர்கூட வராது. அதனால் சொட்டும் குழாயைத் தேடிப் பயனில்லை. மெல்லிய நூல் போல ஓடும் ஒன்றைத் தேட வேண்டும். வீட்டுக்குள் அப்படி யாருக்கும் தெரியாமல் ஓடக்கூடிய இடம் பெரும்பாலும் ஒன்றுதான், ஃப்ளஷ் டேங்க். அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து கோப்பைக்குள் வழிந்துகொண்டே இருக்கும், சத்தமும் வராது.

ஆனால் ஊகிப்பதற்கு முன் கோட்டையே கேட்கலாம். ஒரு ஓட்டை வழியாக வெளியேறும் தண்ணீரின் வேகம் அதற்கு மேலே நிற்கும் நீரின் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் முதல் செமஸ்டரில் படித்ததுதான். தொட்டியின் அடியிலேயே விரிசல் என்றால், தண்ணீர் 80 செ.மீ. இருக்கும்போது கசிவு ஒரு அளவு, 20 செ.மீ.க்கு இறங்கியதும் அதில் பாதி. கோடு வளையும். விரிசல் நடுச்சுவரில் இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வந்ததும் கோடு அப்படியே படுத்துவிடும், அந்த லெவல்தான் விரிசலின் முகவரி. கசிவு கீழே தரைத்தளத்தில் இருந்தால் கதை வேறு. தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் ஏற்கெனவே 4 மீட்டர் இருக்கும். தொட்டி 80 செ.மீ.யில் இருந்து 20க்கு இறங்கினாலும் 4.8 மீட்டர் 4.2 மீட்டர் ஆகும், கசிவு 6 சதவீதம்தான் குறையும். கோடு நேராகவே தெரியும்.

நம்ம வீட்டில் நேர்கோடு. தொட்டி லெவல் 60ல் இருந்த இரவும் 35ல் இருந்த இரவும் ஏறக்குறைய அதே சரிவு. தொட்டி நல்லாத்தான் இருக்கு, கசிவு கீழே என்று சந்தேகப்படலாம். உறுதிப்படுத்த ஒரே ஒரு வேலை. இரவு எல்லாரும் படுத்தபின் தொட்டியின் அவுட்லெட் கேட் வால்வை மூடுங்கள், காலையில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வெப்பத்தால் வரும் 0.3% தவிரக் கோடு படுத்துவிட்டால் கசிவு வால்வுக்குக் கீழே. வால்வு மூடியும் அதே சரிவு தொடர்ந்தால் தொட்டி, ஓவர்ஃப்ளோ, அல்லது மோட்டார் பைப். மோட்டார் பைப் தொட்டியின் அடியில் வந்து சேரும் வீடுகளில் நான்-ரிட்டர்ன் வால்வு பழுதானால் ஏற்றிய தண்ணீர் அதே வழியில் போருக்கே திரும்பும். பைப் மேலே இருந்து காற்றில் விழுந்தால் இந்தப் பயம் வேண்டாம். பழைய கேட் வால்வு முழுசாக மூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். மூடியபின் ஏதாவது ஒரு குழாயைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா பார்த்துவிட்டுத் தூங்கப் போங்க.

கீழே என்று தெரிந்ததும் மூன்று போர்ஷனுக்கும் தனித்தனி வால்வு இருந்தால் ஒரு இரவுக்கு ஒன்றை மூடலாம். எந்த இரவில் சரிவு 0.87ல் இருந்து பூஜ்யத்துக்கு வருகிறதோ அந்த போர்ஷன். இரண்டு இரவுகளில் பாதி பாதி குறைந்தால் இரண்டு இடத்தில் கசிவு. முன்கூட்டியே மூன்று வீட்டாரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இரவு இரண்டு மணிக்கு டாய்லெட்டில் தண்ணீர் வராவிட்டால் அடுத்த சண்டை உங்கள் பெயரில் தொடங்கும். போர்ஷன் தெரிந்தபின் ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருந்தால் போதும். கோப்பையில் நீலம் வந்தால் வாஷரை மாற்றுங்கள். மாற்றியபின் மறுபடி மூன்று நான்கு இரவு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மிகக் குறைந்த இறக்கம் 0.3 பக்கம் வந்துவிட்டதா பாருங்கள்.

இதே முறையை ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்கு அப்படியே எடுத்துப் போக முடியாது. கிராமத்தில் ஆபரேட்டர் காலையும் மாலையும் சில மணி நேரம் வால்வைத் திறந்துவிட்டு, இரவில் மூடிவிடுவார். மூடின வால்வுக்கு மேலே இரவு முழுக்க லெவல் அசையாமல் நின்றால் தொட்டி கசியவில்லை, வால்வும் நன்றாக மூடுகிறது என்பது மட்டும்தான் தெரியும். தெருக் குழாய்களைப் பற்றி அந்தக் கோடு ஒரு வார்த்தையும் சொல்லாது. வால்வு திறந்திருக்கும் நேரத்தில் வீடுகள் எடுப்பதும் தெருவில் கசிவதும் ஒன்றாகக் கலந்து இறங்கும், லெவல் வரைபடத்தால் மட்டும் அதைப் பிரிக்க முடியாது. அங்கே கசிவைப் பார்க்க வேண்டுமென்றால், ஆபரேட்டரிடம் கேட்டு ஏதாவது ஒரு நாள் வால்வை நள்ளிரவு 2 முதல் 4 வரை திறந்துவைக்கச் சொல்லி, அந்த இரண்டு மணி நேரத்து இறக்கத்தை அளக்க வேண்டும். திறந்த முதல் அரை மணியை விட்டுவிடுங்கள், காலியாகக் கிடந்த பைப்புகள் நிரம்புவதற்கும், தெருக்கோடியில் திருகாமல் விட்ட குழாய்களின் அடியில் இருக்கும் குடங்கள் நிரம்புவதற்கும் தண்ணீர் போகும்.